பெனிடோயின் 300-லிருந்து 400 ஆனபோது என்ன நடக்கிறது?

“நான் பார்மசி டிப்ளோமா படிக்கிறேன், வீடு சுங்கை சிப்புட் பக்கம். ஸீரோ ஆர்டருக்கு உதாரணம் கேட்டால் மதுவும் பெனிடோயினும் என்று ஒரே வரியில் எழுதச் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றா? கேட்பதற்குக் காரணம் என் மாமா. 60 கிலோ இருப்பார். வலிப்புக்கு தினம் 300 மில்லிகிராம் பெனிடோயின் எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு மாதத்துக்கு முன்பு 400 ஆக்கினார்கள். பத்தாவது நாள் ரத்தம் எடுத்துப் பார்த்து, அளவு சரியாக இருக்கிறது என்றார்கள். இப்போது நடந்தால் தள்ளாடுகிறார், பேச்சு குழறுகிறது. மறுபடி சம்சு குடிக்கிறார் என்று அத்தை சண்டை போடுகிறார். மாமா சத்தியம் பண்ணி இல்லை என்கிறார். வெறும் 100 கூட்டினதுக்கு இப்படி ஆகுமா?”

ஆகும். உங்கள் மாமா சொல்வது உண்மையாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. அதனால் பாடத்துக்குப் போகும் முன் ஒரு வேலை: இன்றைக்கே அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 300-லிருந்து 400 ஆக்கிய தேதி, பத்தாம் நாள் வந்த ரத்த அளவு, இப்போது எடுத்துக்கொள்ளும் எல்லா மருந்தும், கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்பது, இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்கலாமா, நிறுத்தலாமா என்று அவர்கள் சொல்லட்டும். வீட்டில் நீங்களாக மொத்தமாக நிறுத்திவிட வேண்டாம். ஏன் என்று கீழே கணக்கோடு சொல்கிறேன்.

பேராக்கில் தோட்டத்துச் சனங்கள் வந்து போகும் கிளினிக்கின் மருந்துப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பெனிடோயின் எடுப்பவர் தள்ளாடிக்கொண்டு வந்தால், “காலையிலேயே போட்டுக்கிட்டு வந்துட்டான்” என்று வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பழைய குடிகாரர் என்ற பெயர் இருந்துவிட்டால் அவர் பேச்சை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. இந்த இரண்டு பொருளும் உடம்பை விட்டு எப்படிப் போகின்றன என்று தெரிந்திருந்தால் அந்த அநியாயம் பாதி குறையும் என்பது என் எண்ணம். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் பாடத்தில் அந்த ஒரு வரி தவறில்லை, ஆனால் பாதிதான் சொல்கிறது. ஸீரோ ஆர்டர், ஃபர்ஸ்ட் ஆர்டர் என்பவை மருந்தின் பிறவிக் குணம் என்று நினைத்துப் படித்தால் குழப்பம் வரும். கல்லீரலில் ஒரு பொருளைச் சிதைக்கும் என்சைம் எவ்வளவு இருக்கிறது, அந்த நேரத்தில் ரத்தத்தில் அந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது, இந்த இரண்டுக்கும் உள்ள உறவைத்தான் அந்தப் பெயர்கள் குறிக்கின்றன. தோட்டத்தில் ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையைப் பார்த்திருப்பீர்கள். நாலைந்து பேர் வாளியோடு வந்தால் வந்தவுடன் நிறுத்து அனுப்பிவிடுவார் கிராணி. பத்துப் பேர் வந்தால் அந்த மணியில் பத்துப் பேரும் போய்விடுவார்கள். வரவு இரட்டித்தால் வெளியேறுவதும் இரட்டிக்கிறது. இதுதான் ஃபர்ஸ்ட் ஆர்டர். நூறு பேர் வந்து நின்றால் கதை வேறு. ஒரு தராசும் ஒரு கிராணியும் மணிக்கு எத்தனை வாளி நிறுக்க முடியுமோ அத்தனைதான். வரிசை எவ்வளவு நீண்டாலும் வெளியேறுவது கூடாது. இதுதான் ஸீரோ ஆர்டர். முன்னதில் இருப்பதில் ஒரு குறிப்பிட்ட விகிதம் போகிறது, பின்னதில் ஒரு குறிப்பிட்ட அளவு போகிறது.

நாம் கொடுக்கும் பெரும்பாலான மருந்துகள், பாரசிட்டமால் போல, வழக்கமான டோஸில் அந்தக் கொட்டகையை நிரப்பும் அளவுக்கு வருவதே இல்லை. அதனால் அவை ஃபர்ஸ்ட் ஆர்டராகவே போய்விடும், ரத்தத்தில் இருப்பது பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை, அரை ஆயுள் என்று ஒரு எண்ணாகச் சொன்னால் போதும். மது அப்படியில்லை. பெனிடோயினும் அப்படியில்லை. ஆனால் இரண்டும் அந்தக் கொட்டகையை நிரப்புகிற இடம் வேறு வேறு. உங்கள் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

முதலில் மது. ரத்த மதுவின் அளவை 100 மில்லிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்வார்கள். ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்ற என்சைம் தன் திறனில் பாதியை எட்டும் அளவு சுமார் 10, அல்லது அதற்கும் கீழே. 60 கிலோ ஆள் ஒரு கேன் பியர் குடித்தாலே அளவு 30-ஐ ஒட்டிப் போகும். அதாவது முதல் கேனிலேயே கொட்டகை ஏறக்குறைய நிரம்பிவிடுகிறது. அதற்குமேல் எவ்வளவு குடித்தாலும் ரத்தத்திலிருந்து மணிக்கு சுமார் 15 மில்லிகிராம்தான் இறங்கும். ஆளுக்கு ஆள் இது 10-லிருந்து 25 வரை வேறுபடும். நீண்ட நாள் குடிப்பவரிடம் இன்னொரு என்சைம் கூடிவிடுவதால் இன்னும் சற்று வேகமாகவும் இறங்கலாம். ஆனால் குளிப்பது, கோப்பி குடிப்பது, மோர் குடிப்பது எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது.

கணக்காகப் பார்ப்போம். ஒரு சின்ன சம்சு பாட்டிலில் 45 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலுக்குப் பாட்டில் வீரியம் மாறும், இது கணக்குக்காக. 60 கிலோ ஆணின் உடம்பில் அது பரவும் இடம் சுமார் 41 லிட்டர். ஒரு பாட்டில் குடித்தால் அளவு சுமார் 110. மணிக்கு 15 வீதம் இறங்கினால் ஏழரை மணி நேரத்தில் தெளிந்துவிடும். இரண்டு பாட்டில் குடித்தால் 220, கிட்டத்தட்ட 15 மணி நேரம். குடித்தது இரட்டித்ததும் நேரமும் இரட்டித்துவிட்டது. இதுவே ஃபர்ஸ்ட் ஆர்டராக இருந்தால், இரட்டிப்பாக எடுத்ததற்கு ஒரே ஒரு அரை ஆயுள்தான் கூடியிருக்கும். இரவு பத்து மணிக்கு 220-இல் படுத்தவர் காலை ஆறு மணிக்கு மோட்டாரில் கிளம்பும்போது 100-இல் இருக்கிறார். மலேசியாவில் 2020 அக்டோபரில் வண்டி ஓட்டுவதற்கான வரம்பை 80-லிருந்து 50 ஆகக் குறைத்துவிட்டார்கள். நன்றாகத் தூங்கி எழுந்தவர், முகம் கழுவியவர், அந்த வரம்புக்கு இருமடங்கில் ரோட்டில் போகிறார்.

இதில் கவனிக்க வேண்டியது, மது ஒரு நேர்கோட்டில் இறங்குகிறது என்பது. கடைசியில் 20-க்குக் கீழே வந்தபின்தான் கொட்டகை காலியாகி, கோடு வளைந்து ஃபர்ஸ்ட் ஆர்டராக மாறுகிறது. அந்த நேரத்தில் ஆள் தெளிந்திருப்பார், யாரும் அளந்து பார்ப்பதில்லை. ஆகவே நடைமுறையில் மதுவை முழுக்க ஸீரோ ஆர்டர் என்று சொன்னால் பெரிய தப்பில்லை.

இப்போது பெனிடோயின். இதைச் சிதைப்பது பெரும்பாலும் சிஒய்பி 2சி9 என்ற என்சைம். அது தன் திறனில் பாதியை எட்டும் அளவு, சராசரியாக லிட்டருக்கு 4 மில்லிகிராம். வலிப்பை அடக்க நாம் வைத்துக்கொள்ள விரும்பும் அளவோ லிட்டருக்கு 10 முதல் 20. அதாவது மருந்து வேலை செய்யும் எல்லைக்குள்ளேயே கொட்டகை நிரம்பிக்கொண்டே வருகிறது. குறைந்த அளவில் ஃபர்ஸ்ட் ஆர்டர், போகப் போக இரண்டுங்கெட்டான், மேலே ஸீரோ ஆர்டரை ஒட்டி. மது நிரம்பிய நிலையில் தொடங்கிக் காலியாகி முடிகிறது. பெனிடோயின் நாம் டோஸைக் கூட்டக் கூட்ட, நம் கண் முன்னாலேயே நிரம்பும் நிலைக்குப் போகிறது. தேர்வுத்தாளில் இந்த வித்தியாசத்தை இரண்டு வரியில் எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும்.

தினமும் உள்ளே போவதும் வெளியே போவதும் சமமாகி அளவு நிலைக்கு வந்தபின் எவ்வளவு இருக்கும் என்பதற்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு:

```
நிலையான அளவு = பாதித்திறன் அளவு × தினசரி டோஸ் ÷ (உச்சத்திறன் − தினசரி டோஸ்)
```

பாதித்திறன் அளவு உங்கள் புத்தகத்தில் கே.எம். என்றும், உச்சத்திறன் வி-மேக்ஸ் என்றும் இருக்கும். உச்சத்திறன் சராசரியாக ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 7 மில்லிகிராம். 60 கிலோவுக்கு 420. அப்புறம் ஒரு நுணுக்கம், மாணவர்கள் பலரும் இதை விட்டுவிடுவார்கள்: கேப்ஸ்யூலில் இருப்பது பெனிடோயின் சோடியம். 100 மில்லிகிராம் கேப்ஸ்யூலில் உண்மையான பெனிடோயின் 92 மில்லிகிராம்தான்.

ஆக 300 என்றால் 276 போகிறது. உச்சத்திறன் 420-இல் மிச்சம் 144. நாலை 276-ஆல் பெருக்கி 144-ஆல் வகுத்தால் 7.7 வருகிறது. இலக்கான 10-க்குக் கீழே. இந்த நிலையில் மாமாவுக்கு வலிப்பு வந்திருக்கும், டோஸைக் கூட்டியதில் தப்பில்லை. 400 ஆக்கினால் 368 போகிறது. மிச்சம் வெறும் 52. கணக்குப் போட்டால் 28 வருகிறது. டோஸ் மூன்றில் ஒரு பங்கு கூடியது, ரத்த அளவு மூன்றரை மடங்குக்கு மேல் போய்விட்டது. 100-க்குப் பதில் 30 மட்டும் கூட்டி 330 ஆக்கியிருந்தால் 10.4 வந்திருக்கும், 360 என்றால் 15. இரண்டுமே நல்ல அளவு. 100-ஐயும் 30-ஐயும் பிரித்துப் பார்ப்பது அற்பமாகத் தோன்றும், ஆனால் இந்த மருந்தில் மட்டும் அது அற்பமில்லை. இன்னும் மேலே 460 வரை போனால், உள்ளே போவது 423, உச்சத்திறனையே தாண்டிவிட்டது. அப்போது நிலையான அளவு என்ற ஒன்றே இல்லை, நாள்தோறும் ஏறிக்கொண்டே இருக்கும்.

சரி, பத்தாம் நாள் பார்த்தபோது எப்படிச் சரியாக இருந்தது? பலரை ஏமாற்றும் இடம் இதுதான். பரிசோதனை பொய் சொல்லவில்லை, சீக்கிரம் எடுத்துவிட்டார்கள். வழக்கமான மருந்தென்றால் ஐந்து அரை ஆயுள் கழிந்ததும் அளவு நிலைக்கு வந்துவிடும். பெனிடோயினுக்கு அந்த விதி பொருந்தாது, ஏனென்றால் நிலையான அரை ஆயுளே அதற்கு இல்லை. அளவு ஏற ஏற, அது நிலைக்கு வர ஆகும் காலமும் நீள்கிறது. மேலே சொன்ன அதே ஆளுக்கு, 300 மில்லிகிராமில் இறுதி அளவின் 90 சதவீதத்தை எட்ட ஐந்தாறு நாள் போதும். 400-இல் ஐந்து வாரத்துக்கு மேல் ஆகிறது.

நாள் வாரியாகப் போட்டுப் பார்த்தேன். 7.7-இல் இருந்தவருக்கு 400 தொடங்கினால், முதல் நாள் இரண்டுக்கு மேல் ஏறுகிறது. நாலைந்து நாளில் ஏற்றம் நாளுக்கு ஒன்றாகக் குறைகிறது. பத்தாம் நாள் அளவு சுமார் 19. ரிப்போர்ட்டைப் பார்ப்பவர் கண்ணுக்கு 10-க்கும் 20-க்கும் இடையில் அழகாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அது நின்றுவிடவில்லை, நாளுக்கு அரை மில்லிகிராம் வீதம் ஏறிக்கொண்டிருக்கிறது. பதினாலாம் நாள் 21, மூன்றாம் வாரம் 23, நான்காம் வாரம் 25. உங்கள் மாமா தள்ளாடத் தொடங்கிய காலத்தோடு இது எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். பத்தாம் நாள் அறிக்கையில் “சரியாக இருக்கிறது” என்பதோடு “இன்னும் ஏறும், மூன்று நான்கு வாரத்தில் மறுபடி எடுக்கவும்” என்று ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். டோஸ் மாற்றி எத்தனை நாளில் எடுத்தது என்பது தெரியாமல் பெனிடோயின் அளவைப் படிக்கவே கூடாது என்பது என் கொள்கை.

20-ஐத் தாண்டினால் பொதுவாக முதலில் கண்ணில் தெரியும். பக்கவாட்டில் பார்க்கச் சொன்னால் கருவிழி துடித்துத் துடித்து ஆடும். 30-ஐ ஒட்டி நடை தள்ளாடும், பேச்சு குழறும். 40-க்கு மேல் மந்தம், குழப்பம். இவை தோராயமான படிகள்தான். 20-க்குள்ளேயே தள்ளாடுபவரும் உண்டு, 25-இல் நன்றாக நடப்பவரும் உண்டு. மதுவும் இதே கண் துடிப்பையும் தள்ளாட்டத்தையும் கொடுக்கும் என்பதால், வெறுமனே பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. வீட்டில் கவனிக்கக் கூடியது நேரம். மது மணிக்கு 15 வீதம் இறங்கிவிடுவதால், இரவு தள்ளாடியவர் மறுநாள் மாலைக்குள் தெளிந்திருக்க வேண்டும். பெனிடோயின் தள்ளாட்டம் காலை, மாலை, தூங்கி எழுந்தபின் என்று எல்லா நேரமும் இருக்கும், வாரக்கணக்கில் மெதுவாகக் கூடியிருக்கும். மாமா காலையில் எழுந்து பல் விளக்கும்போதே தடுமாறுகிறாரா, இது போன வாரத்தைவிட இந்த வாரம் கூடுதலா என்று அத்தையிடம் கேளுங்கள். மருத்துவமனையில் இரண்டையும் அளக்கலாம், அதோடு சண்டை தீர்ந்துவிடும்.

இனி, ஏன் மொத்தமாக நிறுத்த வேண்டாம் என்றேன். ஏறியது வாரக்கணக்கில் என்பதால் இறங்குவதும் அப்படித்தான் என்று தோன்றும். உண்மையில் நேர்மாறு. ஏறும்போது உள்ளே 368 போகிறது, வெளியே 350, 360 போகிறது. அந்தச் சின்ன வித்தியாசம்தான் சேருகிறது. நிறுத்தினால் உள்ளே ஒன்றுமில்லை, வெளியேறுவது மட்டும் முழு வேகத்தில் நடக்கிறது. 60 கிலோ ஆளுக்கு அந்த மருந்து பரவும் இடம் சுமார் 39 லிட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால், நாளுக்கு 9 மில்லிகிராம் வீதம் இறங்கும். 25-இல் இருப்பவர் மறுநாள் 16, அதற்கு மறுநாள் 7 அல்லது 8, மூன்றாம் நாள் வலிப்பைத் தடுக்க ஒன்றும் மிச்சமில்லை. திடீரென்று நிறுத்தினால் விடாமல் தொடரும் வலிப்பும் வரலாம், அது உயிருக்கே ஆபத்து. அதனால்தான் பெரும்பாலும் ஓரிரு வேளை நிறுத்தி, அளவு பார்த்து, குறைந்த டோஸில் மறுபடி தொடங்குவார்கள். உடம்பில் இறங்கும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் எத்தனை வேளை என்பதை ரத்த அளவை வைத்துத்தான் சொல்ல முடியும்.

இதுவரை போட்ட கணக்கில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வளைவின் வடிவம் உறுதி: டோஸ் உச்சத்திறனை நெருங்க நெருங்க அளவு எகிறும், நிலைக்கு வரும் காலம் நீளும். 7.7, 19, 28 என்ற எண்கள் சராசரி மனிதனுக்கு மட்டுமே. பாதித்திறன் அளவு ஒருவருக்கு 2 ஆகவும் இன்னொருவருக்கு 8 ஆகவும் இருக்கலாம். சிலருக்குப் பிறப்பிலேயே 2சி9 என்சைம் மந்தமாக இருக்கும். அவர்களுக்கு 300-ஏ அதிகமாகிவிடும். மாமாவின் பழைய 300 மில்லிகிராம் அளவும் பின்னால் வேறொரு டோஸில் எடுக்கும் அளவும் கிடைத்தால், அந்த இரண்டையும் வைத்து அவருக்கே உரிய எண்களைக் கண்டுபிடிக்கலாம். ஒரு நிபந்தனை, இரண்டுமே நிலைக்கு வந்தபின் எடுத்த அளவாக இருக்க வேண்டும். ஆகவே பத்தாம் நாள் எண்ணையோ, இன்னும் ஏறிக்கொண்டிருக்கக்கூடிய இப்போதைய எண்ணையோ அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மாமா முன்பு நிறையக் குடித்தவர் என்றால் இரண்டு விஷயத்தை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஒன்று, கல்லீரல் பழுதாகி ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைந்திருக்கலாம். பெனிடோயினில் 90 சதவீதம் அல்புமினோடு ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும், மிச்சம் 10 சதவீதம்தான் மூளைக்குப் போய் வேலை செய்யும். அல்புமின் குறைந்தவரிடம் அந்த வேலை செய்யும் பங்கு கூடிவிடும், ஆனால் சாதாரண ரிப்போர்ட் மொத்த அளவையே காட்டும். காகிதத்தில் 14 என்று இருக்கும், ஆள் 25-இல் இருப்பவர் போலத் தள்ளாடுவார். அதனால் அல்புமினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு, விடாமல் தினமும் குடிப்பது பெனிடோயினைச் சிதைக்கும் என்சைமைக் கூட்டி அளவைக் குறைக்கும். ஒரே மூச்சில் நிறையக் குடிப்பது அந்தச் சிதைவைத் தடுத்து அளவைக் கூட்டலாம். குடியை விட்டவருக்கு, குடித்த காலத்தில் தாங்கிய டோஸ் இப்போது அதிகமாகவும் ஆகலாம். மாமா உண்மையிலேயே குடியை நிறுத்தியிருந்தால், நிறுத்தியதும்கூட இந்தத் தள்ளாட்டத்துக்கு ஒரு காரணமாக இருக்க இடமுண்டு. அத்தையிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

மற்ற மருந்துகளையும் பாருங்கள். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட், பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோல், இதயத்துக்கான அமியோடரோன், இவை ஒவ்வொன்றும் பெனிடோயின் அளவை ஏற்றிவிடும். கடந்த ஒரு மாதத்தில் வேறு கிளினிக்கில் ஏதாவது புதிதாகக் கொடுத்திருக்கிறார்களா என்று பிளாஸ்டிக் பையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். பெயர் நினைவில் இல்லாவிட்டாலும் மாத்திரை இருந்தால் போதும்.

டோஸைக் குறைத்தபின் மறுபடி வலிப்பு வந்து கூட்ட வேண்டியிருந்தால், 30 மில்லிகிராம் கேப்ஸ்யூல் கிடைக்குமா என்று கேளுங்கள். 300-க்கு மேல் 30 வீதம் ஏறி, ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு வாரம் கழித்து, அடுத்த வேளை மாத்திரை போடுவதற்குச் சற்று முன்பு ரத்தம் எடுப்பதுதான் சரியான முறை. எடுக்கும் நேரத்தையும் கடைசி மாத்திரை நேரத்தையும் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். அதுவரை மாமா மோட்டார் ஓட்ட வேண்டாம், ஏணியில் ஏறவும், செம்பனை குலை வெட்டவும் வேண்டாம்.